முன்பணம் கட்டியவர் நேரில் வரவேண்டும்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் உரிமச் சான்றிதழில் இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக, யாரும் படிக்காத உயரத்தில். பள்ளி என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெளிறிப்போன ஒரு சின்னக் கார். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இன்னொரு பிரேக். இருபது வருஷத்துக்கு மேலாக அவளுடைய பிழைப்பு இதுதான்: ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தண்ணி லாரியைக் கட்டிப்பிடிக்கப் போகும்போது, "நல்லாத்தான் ஓட்டறீங்க, பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே காலை மெல்ல அழுத்துவது.

இப்படி வாழ்ந்தவளுக்குப் பொறுமை இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருபது வருஷம் லாரிகள் தீர்க்காத அந்தப் பொறுமையை ஒரு விழா மண்டபத்துக்காரர்கள் சில மாதங்களில் வழித்துத் துடைத்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

அவளுக்கு ஒரே பையன். ஏசி பழுது பார்க்கிறவன். பையனுடைய அப்பா, அவன் நடக்கப் பழகும் முன்பே வேலை தேடி வெளியூர் போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் போல. அதனால் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, மீசை முளைத்தபோது கிண்டலடித்தது எல்லாமே அக்காவின் அண்ணன்தான். அண்ணன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டு நாயும் அவரைப் பார்த்து வாலாட்டும், வீட்டுக்காரர்கள் ஆட்டமாட்டார்கள். அவர் சிரித்தால் பக்கத்து வீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

பையனுக்குக் கல்யாணம் என்றதும் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மறுநாள் சாயங்காலம் ஊரைக் கூட்டி வரவேற்பு. அதற்குப் பெரிய மண்டபம்தான் வேண்டும்.

"சின்னதா எடுக்கலாம்ணா. நமக்கென்ன பட்டாளமா இருக்கு?"

"நான் நாப்பது வருஷம் படியேறி இறங்கின வீடெல்லாம் வரும். நீ சாப்பாட்டைப் பாத்துக்கோ. மண்டபம் என் பொறுப்பு."

சொன்னபடியே போய் வாடகையில் பாதியை முன்பணமாகக் கட்டினார். கூடவே துப்புரவு, மின்சாரம், ஜெனரேட்டர் என்று தனித்தனியாக. அதற்கு மேல், நாற்காலியை உடைத்தால் கழித்துக்கொள்ள ஒரு சேதார வைப்புத்தொகை. ரசீதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "உங்க அண்ணிகிட்ட இப்போதைக்கு மூச்சு விடாதே. சமயம் பாத்து நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அந்தச் சமயம் வரவில்லை. வரவேற்புக்கு நாலு வாரம் கூட இல்லாத ஒரு காலையில், நடைப்பயிற்சிக்குப் போக ஷூக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

பையன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "மாமா இல்லாம மேடையில நின்னு நான் யாரைப் பாத்துச் சிரிக்கறது? வேணாம்மா." பெண் வீட்டாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பதிவுக் கல்யாணம் மட்டும் குறித்த நாளில் சத்தமில்லாமல் நடக்கட்டும், வரவேற்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. சமையல்காரர் விஷயத்தைக் கேட்டதும் வாங்கின முன்பணத்தை மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். விவரம் தெரியாத மனுஷன். மண்டபத்துக்காரர்களிடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

அக்கா தானே ரசீதை எடுத்துக்கொண்டு மண்டபத்து அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, தூசி தட்டிய பிளாஸ்டிக் பூ, உடம்பை உறைய வைக்கும் ஏசி. மேனேஜர் வாசனை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"கேள்விப்பட்டதுல இருந்து மனசே சரியில்ல மேடம்."

அவர் கேள்விப்பட்டு அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இவ்வளவு துக்கம்.

"அதனால சார், நாங்க கட்டினதுல ஏதாவது பாத்துத் திருப்பிக் குடுத்தீங்கன்னா…"

மேனேஜர் உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த கை மேசைக்கு வந்தது. ரசீதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் அச்சாகியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி ரத்து பண்ணினா பாதி. அதுக்கப்புறம் பண்ணினா ஒண்ணும் கிடையாது. பத்து நாள் லேட்டாயிடுச்சு மேடம். பத்து நாள் முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, நானே முதலாளிகிட்ட பேசியிருப்பேன்."

"எங்கண்ணனுக்கே தெரியாது சார்."

"அது சரிதான்" என்று மேனேஜர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்.

"சரி, வாடகை விஷயம் அப்படியே இருக்கட்டும். துப்புரவு, கரண்டுக்குன்னு தனியா வாங்கியிருக்கீங்க. நாங்க வரவே இல்ல, குப்பை போடவே இல்ல."

"அது பேக்கேஜ் மேடம்."

"சேதாரத்துக்குன்னு வாங்கினது?"

"அதைக் கண்டிப்பா திருப்பிக் குடுத்துருவோம். விழா முடிஞ்சதும் எல்லாத்தையும் சரிபார்த்துட்டு."

"விழாவே கிடையாதே சார்."

"அதான் மேடம் பிரச்னை. முடிஞ்சாத்தானே சரிபார்க்க முடியும்?"

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிண்டல் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. ஒன்றும் தட்டுப்படவில்லை. மனுஷன் உண்மையாகவே யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

போனால் போகிறது என்று அவர் ஒரு சலுகை காட்டினார். ஆறு மாதத்துக்குள் வேறு தேதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சனி ஞாயிறு கிடையாது. விடுமுறை நாள் கிடையாது. மாலை நேரம் கிடையாது. வாடகை ஏறினால் மிச்சத்தை இவர்கள் கட்டவேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மிஞ்சியது. அந்த நேரத்தில் வரவேற்புக்கு வரக்கூடிய ஒரே கூட்டம் அந்த மண்டபத்துத் துப்புரவு ஆட்கள்தான்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று அக்கா எழுந்தாள். மேனேஜர் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். "தைரியமா இருங்க மேடம்." அதற்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா அதோடு விட்டிருப்பாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று அண்ணனே சொல்லுவார். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அப்படி இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். ஒரு மருந்து கம்பெனி நடத்தும் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்போது அவளிடம் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ரிவர்ஸ் எடுத்து முடித்துவிட்டு, அந்தப் பெண் சொன்னாள்:

"அக்கா, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு கிளாஸ் வேணாம். எங்க கம்பெனி ஆண்டுவிழா. நானும் டான்ஸ்ல இருக்கேன்."

"அப்படியா? எங்க?"

அந்தப் பெண் மண்டபத்தின் பெயரைச் சொன்னாள். கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தினார்கள்.

"என்னக்கா, நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. ஓட்டு." சொன்னாளே தவிர காலை எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, மண்டபம் அண்ணன் பெயரில் பதிவாகியிருந்த சனிக்கிழமை. முதல் நாள்தான் பதிவு அலுவலகத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவின் முன்னால் பையன் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு காபி குடித்துக் கல்யாணம் முடிந்திருந்தது. சாயங்காலம் அக்கா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மண்டபம் முழுக்கச் சரவிளக்கு. வாசலில் ஆளுயரத்துக்கு வரவேற்புப் பலகை, மருந்து கம்பெனியின் பெயரும் தேதியும் போட்டு. அதைப் போனில் ஒரு படம் எடுத்தாள். கிட்டப் போய் இன்னொரு படம் எடுக்கும்போது வாசலில் நின்ற காவலாளி அவளை விருந்தாளி என்று நினைத்து, "வாங்கம்மா, வாங்க, உள்ள வாங்க" என்று ஒரு தட்டை நீட்டினார். தட்டில் குளிர்ந்த பழரசம்.

அக்கா ஒரு கிளாஸை எடுத்து நின்ற இடத்திலேயே குடித்தாள். கட்டின முன்பணத்தில் இதுவரைக்கும் திரும்பி வந்தது அதுதான். கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தது.

காருக்குத் திரும்பியபோது உள்ளே பாட்டுப் போட்டார்கள். அண்ணன் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தப்பான தாளத்தில் கை தட்டுவார். இந்நேரம் வாசலில் நின்று, வருகிறவர்களின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பார். அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை வைத்து அழுதாள். செத்த வீட்டில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் நாற்காலி போடவும் ஓடியதில் அழுகைக்கு இடமே கிடைத்திருக்கவில்லை. அழுது முடித்தபோது அவளுக்குக் கோபம் வந்திருந்தது. புதுக் கோபம். பழக்கமில்லாத செருப்பு மாதிரி அங்கங்கே கடித்தது.

திங்கட்கிழமை மறுபடி அலுவலகம். "சார், சனிக்கிழமை மண்டபம் காலியா இல்ல. வேற ஆளுக்கு விட்டிருக்கீங்க. ஒரே நாளுக்கு ரெண்டு பேர்கிட்ட வாங்கியிருக்கீங்க. முழுசும் கேக்கல சார். உங்களுக்கும் தொந்தரவுதான். அதுக்கு நியாயமா ஏதாவது கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க."

படத்தைக் காட்டினாள். மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு ரசீதைக் கேட்டு வாங்கினார். இந்த முறை திருப்பிப் போடவில்லை. முன்பக்கத்தையே படித்தார். முகம் மலர்ந்தது.

"இது உங்க பேர்ல இல்லையே மேடம்."

"எங்கண்ணன் பேர்ல இருக்கு."

"அப்போ அவர்தான் வரணும். முன்பணம் கட்டியவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க எதையும் பரிசீலிக்கவே முடியும். ரூல்ஸ்."

அக்கா ரசீதில் இருந்த அண்ணன் பெயரின் மேல் விரலை வைத்தாள். "சார், அவர் செத்துப்போனதாலதானே சார் ரத்து பண்ணினோம்."

"புரியுது மேடம். அப்படின்னா அவரோட வாரிசு வரணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அடையாள அட்டை. நீங்க தங்கச்சி. உங்களுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஆறுதல் கூட இருந்தது. பாவம், இந்தத் தொல்லையிலிருந்து அவளை விடுவித்துவிட்டாராம்.

வாரிசு என்றால் அண்ணி. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி முப்பது வருஷம் மழலையர் பள்ளியில் டீச்சர். அதனால் எல்லோரையும் நாலு வயசுப் பிள்ளையாகவே நடத்துவாள். நாத்தனாரை மூன்றரை வயசாக. அக்காவுக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சு என்றும் பெரிதாகக் கிடையாது. நடுவில் அண்ணன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் அந்த இடைவெளி இதுவரை தெரியவில்லை.

அண்ணி வீட்டுக்குப் போய், சோபா நுனியில் உட்கார்ந்து, அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபத்துக்குப் பணம் கட்டியது அண்ணன் என்பது வரைக்கும். அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"எவ்வளவு?"

அக்கா தொகையைச் சொன்னாள்.

"அது மாடி ஒழுகறதைப் பூசறதுக்கு எடுத்து வச்ச பணம்" என்றாள் அண்ணி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. "கொத்தனார் ஊருக்குப் போயிருக்கார், வந்ததும் ஆரம்பிக்கலாம்னார். நானும் மழை பெய்யறப்பெல்லாம் பெட்ரூம்ல வாளி வச்சேன். நடு ராத்திரி வாளி நிரம்பினா அவரே எழுந்து கொட்டிட்டு வருவார். என்னடா, நம்ம வீட்டுக்காரருக்கு இவ்வளவு பொறுப்பு வந்துடுச்சேன்னு நினைச்சேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சமயம் பாத்துச் சொல்றேன்னு சொன்னார் அண்ணி. நானாவது சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்." அண்ணி எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஏதோ பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "என்கிட்ட கேட்டிருந்தா நான் குடுக்காமலா இருந்திருப்பேன்? என்னை அவ்வளவு பெரிய பிசாசாவா நினைச்சீங்க, அண்ணனும் தங்கச்சியும்?"

கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"சரி. அந்த ஆள் என்ன சொன்னான்? முன்பணம் கட்டினவர் நேர்ல வரணுமா?"

"ஆமா அண்ணி."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நான் வர்றேன்."

சான்றிதழ்கள் வாங்கவே இரண்டு மாதம் இழுத்தது. ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்று நம்புவதற்கு அலுவலகங்கள் அவ்வளவு யோசிக்கின்றன. எல்லாம் கைக்கு வந்ததும் இருவரும் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அண்ணி சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, வகுப்பில் படம் காட்டுகிற மாதிரி விளக்கினாள்.

"இது என் புருஷன் போயிட்டார்னு சொல்ற காகிதம். பாத்தீங்களா? இது நான்தான் அவர் பொண்டாட்டின்னு சொல்ற காகிதம். இப்போ நான் ஒரு கேள்வி கேப்பேன், நீங்க யோசிச்சுப் பதில் சொல்லணும். நாற்காலி எத்தனை உடைஞ்சது?"

"மேடம், அது வந்து…"

"நிமிந்து உக்காந்து சொல்லுங்க."

மேனேஜர் தன்னையறியாமல் நிமிர்ந்தார். "ஒண்ணும் உடையல."

"நல்லது. உடையலன்னா அந்தப் பணம் யாரோடது?"

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளி வெளியூரில் இருக்கிறார், வந்ததும் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. இவர்கள் கூப்பிட்டால் முதலாளி அப்போதுதான் கிளம்பிப் போயிருப்பார். அவ்வளவு பயணம் செய்கிற மனிதருக்கு மண்டபம் கட்டிக்கொள்ள எப்போது நேரம் கிடைத்ததோ.

மழலையர் பள்ளியில் கூட இதற்கு மேல் பொறுக்கமாட்டார்கள் என்றாள் அண்ணி. இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். அதிலும் தகராறு. முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்க வேண்டும் என்றாள் அண்ணி. அக்கா தலையாட்ட மறுத்தாள்.

"இல்ல அண்ணி. அந்தத் தேதி கேட்டு முதல்ல வந்தவங்களை நமக்காகத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. மறுபடி ஆள் தேடியிருப்பாங்க. அதுக்குக் கழிச்சுக்கட்டும். சேதாரத்துக்கு வாங்கினது முழுசா வேணும், துப்புரவு கரண்டு முழுசா வேணும், வாடகைக்குக் கட்டின முன்பணத்துல முக்காலாவது வேணும். நியாயமாக் கேட்டாத்தான் நாளைக்கு நாலு பேர் முன்னாடி நிக்க முடியும்."

"உனக்குக் காலு எப்பவும் பிரேக்லயேதான்" என்று அண்ணி முணுமுணுத்தாள். ஆனால் அப்படியே எழுதினாள், குண்டு குண்டான கையெழுத்தில், வரி கோணாமல். ரசீது, சான்றிதழ்கள், வாசல் பலகையின் படம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்து, பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். கடிதம் சேர்ந்ததற்கான அட்டை மட்டும் மேனேஜர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதில் தேதி கூடச் சுத்தமாகப் போட்டிருந்தார். பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் நுகர்வோர் குறைகேட்பு அலுவலகத்துக்குப் போனார்கள். மனுவை வாங்கிக்கொண்டவர்கள், விசாரணைக்கு முன்னால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசிப் பார்ப்போம் என்றார்கள். மண்டபத்துக்கு அழைப்பாணை போயிற்று. என்ன அதிசயமோ, முதலாளி உடனே ஊருக்கு வந்துவிட்டாராம். ஆனால் சமரசத்துக்கு மேனேஜரைத்தான் அனுப்பினார்.

சமரச அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நீளமான மேசை, ஒரு பக்கம் இரண்டு பெண்கள், எதிர்ப்பக்கம் மேனேஜரும் அவருடைய வாசனையும்.

"நிபந்தனையைத் தெளிவா அச்சடிச்சிருக்கோம் சார். கையெழுத்தும் போட்டிருக்கார்" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"படிச்சேன். பூதக்கண்ணாடி தேடி எடுத்துப் படிச்சேன்" என்றார் அதிகாரி. "நிபந்தனை இருக்குதான். இல்லைன்னு சொல்லல. உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்னு சொல்லுங்க."

"சார், ஒரு தேதி கேன்சல் ஆனாலே நஷ்டம்தானே."

"அன்னிக்கு மண்டபம் காலியா இருந்ததா?"

மேனேஜர் மேசையைப் பார்த்தார். பலகையின் படம் அதிகாரியின் கோப்பில் மேலாகவே இருந்தது. "இல்ல சார்."

"மருந்து கம்பெனிக்காரங்களுக்கு வாடகையில தள்ளுபடி குடுத்தீங்களா? விளம்பரம் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ நஷ்டம் எங்க இருக்கு? சேதார வைப்புத்தொகை வேற. அது கட்டணமே கிடையாது, உங்ககிட்ட குடுத்து வச்ச பணம்." பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கும் சொல்றேன். இது விசாரணைக்குப் போனா ஒரு வருஷம் கூட ஆகலாம். கையெழுத்துப் போட்ட நிபந்தனைன்னு அவங்க வாதாடுவாங்க. முழுசா வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. இங்கேயே முடிஞ்சா நல்லது."

மேனேஜர் வராந்தாவுக்குப் போய்ப் போனில் பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போனுக்கே குனிந்து வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து சொன்னார்: சேதாரத் தொகை முழுசும், துப்புரவு, மின்சாரம் முழுசும், வாடகை முன்பணத்தில் பாதியும் தருகிறார்கள். அதில் ஒரு சின்ன நிர்வாகக் கட்டணம் மட்டும் கழியும்.

"நிர்வாகம்னா, எங்களை அலைய விட்டதா?" என்று அண்ணி கேட்டாள்.

அக்கா மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். "போதும் அண்ணி. கழிச்சுக்கட்டும்."

அண்ணி கையை உதறவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒப்பந்தம் தட்டச்சாகி வந்தது. அதில் முதலாளி தரப்பு ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்: இந்தத் தொகை முழுக்க முழுக்க மனிதாபிமான அடிப்படையில் திருப்பித் தரப்படுகிறது. மனிதாபிமானம் அழைப்பாணை வந்த பிறகு பிறந்தது என்பதைச் சேர்க்க இடமில்லை போல. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அண்ணி பெயரில் காசோலை வந்தது. பணமும் ஏறியது.

வங்கியிலிருந்து வரும் வழியில் அண்ணி சொன்னாள், "இது என் புருஷன் பணம்."

"ஆமா அண்ணி. முழுக்க உங்களோடதுதான்."

"அதைத்தான் சொல்றேன். என் பணத்தை நான் என்ன வேணாப் பண்ணுவேன். நீ வாயைத் திறக்கக்கூடாது."

அவள் செய்தது இதுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக்கடை. அதற்கு மாடியில் ஒரு நீளமான அறை. கடைக்காரரிடம் போய், இத்தனை பேர் வருவோம், முன்பணம் எவ்வளவு, ரத்து பண்ணினால் நிபந்தனை என்ன, பின்பக்கம் ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். அவர் ஒன்றும் புரியாமல், "வந்து சாப்ட்டுட்டுக் குடுங்கம்மா" என்றிருக்கிறார். அண்ணிக்கு நம்பிக்கை வராமல் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

பையனும் மருமகளும் வந்தார்கள். பெண் வீட்டாரில் ஏழெட்டுப் பேர். மருந்துக்கடைப் பெண் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள், ஒரு கீறலும் இல்லாமல். அண்ணனோடு மீட்டர் பார்த்தவர்கள் ஒரு மேசை நிறைய. சாப்பாடு வருவதற்கு முன் அக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது. மண்டபத்திலிருந்து. "எங்கள் அரங்கில் உங்கள் இனிய விழா சிறப்பாக அமைந்ததா? ஐந்து நட்சத்திரம் அளித்து வாழ்த்துங்கள்." அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். பையன் முதலில் சிரித்தான், அப்புறம் எல்லோரும்.

"குடு இங்க" என்று அண்ணி போனைப் பிடுங்கினாள். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினாள். என்ன எழுதினாள் என்று கேட்டதற்கு, "மாணவனின் நடத்தை பத்தி எழுதினேன். பெத்தவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

மீட்டர் மேசையில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரு நாய்கள் பழகும் முன், ஒரு பெரிய வீட்டுக் கிணற்றடியில் மீட்டர் பார்க்கக் குனிந்த அண்ணனை நாய் துரத்த, அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டு, உள்ளே இருந்தபடியே, "ஐயா, தொட்டி ஒழுகுது, சரி பண்ணுங்க" என்று வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்த கதையைச் சொன்னார்.

"ஒழுகறது அவர் கண்ணுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். அக்கா அவளைப் பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். சத்தம் கேட்டுக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், கை கழுவாமலேயே படியேறி வந்து, கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கல்யாண வரவேற்பு" என்றாள் பிரேக் அக்கா. "உள்ள வந்து உக்காருங்க."